பெயரும் வருடமும் போட்டும் 31 சதவீதம் வந்தது ஏன்?

கேள்வி: "எம்.எஸ்சி. மண்ணியல் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன் சார். காரிமங்கலம் பக்கம் மானாவாரி ராகிக்குத் துத்தநாகம் இடுவது பற்றிய ஆய்வு. ரிவ்யூ அத்தியாயத்தை மட்டும் காப்பி பிடிக்கும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்ததில் 31% ஒற்றுமை வந்திருக்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் ஆசிரியர் பெயரும் வருடமும் போட்டிருக்கிறேன், வார்த்தைகளையும் மாற்றித்தான் எழுதினேன். அப்புறம் எப்படி இது காப்பி ஆகும்? எப்படித் திருத்துவது?"

பெயரும் வருடமும் போட்டதால் அந்தக் கருத்து யாருடையது என்று சொல்லிவிட்டீர்கள். வாக்கியம் யாருடையது என்று சொல்லவில்லை. மேற்கோள் குறி இல்லாமல் ஒரு வாக்கியம் தீசிஸில் நின்றால் அது நீங்கள் கட்டிய வாக்கியம் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். கட்டுரையாளரின் வாக்கியத்தை எதிரே வைத்துக்கொண்டு இங்கொரு சொல் அங்கொரு சொல் மாற்றினால், எலும்புக்கூடு அவருடையதாகவே இருக்கும். உங்கள் 31 சதவீதத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வந்திருக்கும்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்த்துவிடுவோம். கீழே இருப்பது எந்தக் கட்டுரையிலும் உள்ளதல்ல, விளக்குவதற்காக நானே எழுதியது. எண்களும் கற்பனைதான். ஆசிரியரை 'அ' என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தீசிஸ் ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் எந்த மொழியானாலும் நடப்பது ஒன்றுதான்.

மூலம்: "மானாவாரிச் செம்மண் நிலத்தில் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை அடியுரமாக இட்டதால் ராகியின் தானிய விளைச்சல், துத்தநாகம் இடாத பாத்தியை விட முதல் ஆண்டில் 14 சதவீதம் சிக்னிஃபிகன்ட்டாகக் கூடியது. பயிருக்குக் கிடைக்கும் நிலையில் உள்ள துத்தநாகம் மண்ணில் குறைவாக இருந்தது இதற்குக் காரணமாகலாம். பூக்கும் பருவத்தில் மழை பொய்த்த இரண்டாம் ஆண்டில் இந்த வேறுபாடு சிக்னிஃபிகன்ட்டாக இல்லை."

வழக்கமாக மாணவர்கள் இதை மாற்றி எழுதுவது இப்படி: "மானாவாரிச் சிவப்பு மண்ணில் ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட்டை அடியுரமாகப் போட்டதன் காரணமாக ராகியின் தானிய உற்பத்தி, ஜிங்க் போடாத பாத்தியைக் காட்டிலும் 14 சதவீதம் முக்கியமான அளவில் உயர்ந்தது. மண்ணில் ஜிங்க் குறைவாக இருந்ததே இதற்குக் காரணம் (அ மற்றும் குழுவினர், 2016)."

சாஃப்ட்வேர் இதைப் பிடிக்கிறதோ இல்லையோ, தேர்வாளர் பிடித்துவிடுவார். நிலம், அளவு, இட்ட முறை, விளைச்சல், ஒப்பீடு, சதவீதம் என்று மூலத்தில் இருந்த வரிசை அப்படியே இங்கேயும் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய கோளாறு வேறு இருக்கிறது. சொல்லை மாற்றப் போய் அறிவியலையே மாற்றிவிட்டார்கள்.

'விளைச்சல்' என்பது ஒரு ஹெக்டேருக்குக் கிடைத்த அளவு. 'உற்பத்தி' என்றால் மொத்தமாக வந்தது. பரப்பு கூடினாலே உற்பத்தி கூடிவிடும், அதற்குத் துத்தநாகம் வேண்டியதில்லை. 'சிக்னிஃபிகன்ட்' என்பது புள்ளியியல் சோதனையில் தேறிய வேறுபாடு என்று பொருள்படும் கலைச்சொல். அதை 'முக்கியமான' என்று மாற்றினால் அது உங்கள் அபிப்பிராயமாகிவிடும். 'கிடைக்கும் நிலையில் உள்ள துத்தநாகம்' வெறும் 'ஜிங்க்' ஆனபோது, மண்ணில் மொத்தத் துத்தநாகம் குறைவு என்ற பொருள் வந்துவிட்டது. மண்ணியல் தீசிஸில் இது சிறிய பிழை அல்ல. மொத்தம் தாராளமாக இருந்தும் பயிருக்கு எட்டாமல் போவதுதானே பல நிலங்களில் உள்ள சிக்கல்? 'காரணமாகலாம்' என்று ஆசிரியர் தயங்கிச் சொன்னதை 'காரணம்' என்று அடித்துச் சொல்லியாயிற்று. இரண்டாம் ஆண்டு முடிவு காணவே இல்லை.

கலைச்சொல்லை மாற்றவே கூடாது. பயிர் நோயியலில் இன்னும் கவனம் வேண்டும். ராகி குலைநோயில் 'இன்சிடென்ஸ்' என்பது நூறு செடியில் எத்தனை செடிக்கு நோய் வந்தது என்ற கணக்கு. 'சிவியாரிட்டி' என்பது செடியில் எவ்வளவு பாகம் கெட்டது என்ற கணக்கு. ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டால் கட்டுரையாளர் அளக்காததை அவர் அளந்ததாக எழுதுகிறீர்கள். எதிர்ப்புத் திறன், தாங்கும் திறன் இரண்டும் அதேபோல் வேறுவேறு. இந்தச் சொற்களும் ரகப் பெயர், வேதிப்பெயர், அளவு, அலகு ஆகியவையும் மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அவற்றுக்கு மேற்கோள் குறியும் வேண்டாம். அவை துறையின் பொதுச் சொத்து. நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டியது அவற்றைச் சுற்றியுள்ள வாக்கியத்தை.

அதற்கு வழி, கட்டுரையின் சுருக்கத்திலிருந்து எழுதாமல் அட்டவணையிலிருந்து எழுதுவது. சுருக்கம் ஏற்கெனவே பிசைந்து வைத்த மாவு, அதை வேறு உருண்டையாக உருட்டத்தான் முடியும். முடிவுகள் பகுதியில் உள்ள அட்டவணையைத் திறந்து, உங்கள் ஆய்வுக்கு என்ன தேவையோ அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். எந்த மண், மானாவாரியா இறவையா, எத்தனை பருவம், எதற்கு எதிரே எதை ஒப்பிட்டார்கள், வேறுபாடு சிக்னிஃபிகன்ட் ஆவதற்குத் தேவையான சி.டி. மதிப்பைத் தாண்டியதா, எந்த நிலையில் பலன் வரவில்லை? பதில்களை நோட்டில் துண்டு துண்டாக, தமிழிலேயே கிறுக்கிக்கொள்ளுங்கள். "2 வருடம். முதல் வருடம் மட்டும் பலன், 14%. 2ஆம் வருடம் பூக்கும்போது மழை இல்லை, பலன் தேறவில்லை. காரணம் அவர்களே உறுதியாகச் சொல்லவில்லை. அட்டவணை 3." இவ்வளவு போதும். அட்டவணை எண், பக்க எண் இரண்டையும் மறக்காமல் குறியுங்கள். ஏதாவது ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதினால் அந்த நொடியிலேயே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நோட்டைப் புரட்டும்போது எது உங்கள் வரி, எது அவர்கள் வரி என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமென்று செய்யாத திருட்டு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது.

பிறகு கட்டுரையை மூடிவிட்டு நோட்டை மட்டும் வைத்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் கட்டுரையைத் திறந்து எண்களைச் சரிபாருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது. கட்டுரை திறந்திருக்கும்போது எழுதினால் கண் அதன் வாக்கியத்துக்கே போகும். மூடியபின் சரிபார்க்காமல் விட்டால் 14 என்பது 41 ஆகியிருக்கும்.

அப்படி எழுதினால் இதுபோல வரும்: "அ மற்றும் குழுவினரின் (2016) இரண்டாண்டுச் சோதனையில் துத்தநாக சல்பேட்டால் (ஹெக்டேருக்கு 25 கிலோ) ராகி விளைச்சல் சிக்னிஃபிகன்ட்டாக உயர்ந்தது ஓர் ஆண்டில் மட்டுமே. அந்த ஆண்டின் உயர்வு 14 சதவீதம். பூக்கும் பருவத்தில் மழையற்றுப் போன மறு ஆண்டில் வேறுபாடு தேறவில்லை. கிடைக்கும் நிலைத் துத்தநாகத்தின் பற்றாக்குறையை அவர்கள் ஒரு சாத்தியமான காரணமாகவே முன்வைக்கிறார்கள். பலன் அந்தப் பருவத்தின் மழையையும் சார்ந்திருக்கக்கூடும் என்பதால், இந்த ஆய்வில் மழையளவு பயிர்ப் பருவ வாரியாகப் பதிவு செய்யப்பட்டது."

இதில் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அதில் சான்று காட்டவில்லை, காட்டவும் கூடாது. மழைக்கும் துத்தநாகத்துக்கும் தொடர்பு உண்டு என்று அ சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டில் மழை பொய்த்தது, வேறுபாடு தேறவில்லை, அவ்வளவுதான் அவர் சொன்னது. இரண்டையும் முடிச்சுப் போட்டது நீங்கள். அந்த வாக்கியத்தின் முடிவில் '(அ மற்றும் குழுவினர், 2016)' என்று போட்டால், உங்கள் ஊகத்தை அவர் தலையில் கட்டுகிறீர்கள். பத்தி முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறி போடும் பழக்கத்தால் வரும் கேடு இது. எந்த வரி வரைக்கும் அவர், எந்த வரியிலிருந்து நீங்கள் என்பது அதில் தெரியாது. பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, அடுத்த வாக்கியத்தில் 'அவர்கள்' என்று தொடர்ந்து, உங்கள் பேச்சு வரும்போது 'இந்த ஆய்வில்' என்று மாறினால் படிப்பவருக்குக் குழப்பம் இருக்காது.

வேளாண் தீசிஸ்களில் ஒரு கட்டுரைக்கு ஒரு பத்தி, அதுவும் வருட வரிசையில் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 'இன்னார் கண்டறிந்தார், இன்னார் தெரிவித்தார்' என்றே நாற்பது பக்கம் போகும். இந்த அமைப்பில் ஒவ்வொரு பத்தியும் ஒரு சுருக்கத்தின் நகலாகத்தான் முடியும், ஏனென்றால் உங்களுக்கென்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கைடு அனுமதித்தால் பத்தியைக் கேள்விவாரியாகக் கட்டுங்கள். மண்ணில் இடுவதா, இலைவழி தெளிப்பதா என்ற கேள்விக்கு ஒரு பத்தி, அதில் நாலைந்து ஆய்வுகள். மழை குறைந்த ஆண்டில் என்ன ஆனது என்பதற்கு இன்னொரு பத்தி. யார் யாரோடு ஒத்துப்போகிறார், யார் முரண்படுகிறார் என்று சொல்லும்போது வாக்கியம் தானாகவே உங்களுடையதாகிவிடும். வருட வரிசைதான் வேண்டும் என்று கைடு சொன்னால், பத்தியின் முடிவில் உங்கள் நிலத்தோடு ஒப்பிட்டு ஒரு வரியாவது சேருங்கள்.

நம் பக்கத்து ஆய்வுகளை எடுத்தாளும்போது ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்துக்குள்தான் 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரி இருந்தது. 1990களில் வந்த ஒரு கட்டுரை 'தருமபுரி மாவட்டத்தில் மா சாகுபடி' என்று சொன்னால், அவர்கள் நின்ற தோப்பு இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கலாம். நீங்கள் 'தருமபுரி' என்று அப்படியே எடுத்து எழுதிவிட்டு, இன்றைய தருமபுரியின் பரப்பளவோடு ஒப்பிட்டால், ஒரு சொல்லும் திருடாமலே தவறான செய்தியைச் சொல்லியிருப்பீர்கள். கட்டுரையின் முறைகள் பகுதியில் வட்டாரப் பெயர் இருக்கும். காவேரிப்பட்டணமா, பாலக்கோடா, ஊத்தங்கரையா என்று பார்த்து, 'அன்றைய ஒருங்கிணைந்த தருமபுரி மாவட்டத்தின் காவேரிப்பட்டணம் வட்டாரத்தில்' என்று எழுதுங்கள். மூலத்தில் இல்லாத இந்த விளக்கத்தைச் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு. படிப்பவருக்கு அது தேவை.

அடுத்தது, சீனியர் தீசிஸ். வேளாண் தீசிஸ்கள் கிடைக்கும் கிரிஷிகோஷ் தளத்திலோ துறை நூலகத்திலோ எடுத்த ஒரு தீசிஸின் ரிவ்யூவை வைத்து எழுதியிருந்தால், 31இல் ஒரு பங்கு அதிலிருந்தும் வந்திருக்கும். அதில் உள்ள இருபது கட்டுரைகளைப் படிக்காமல் அந்த இருபது பெயரையும் உங்கள் பட்டியலில் சேர்த்தால், படித்ததாகப் பொய் சொல்கிறீர்கள். அவர் தப்பாக எழுதியிருந்தால் அந்தத் தப்பும் உங்களோடு வரும். மண்ணில் கிடைக்கும் நிலையில் உள்ள தழைச்சத்தை அளக்கும் முறைக்குச் சான்றாகக் காட்டும் பெயரையே பாருங்கள். 1956இல் கரன்ட் சயின்ஸ் இதழில் அதை வெளியிட்டவர்கள் சுப்பையா, அசிஜா. ஆங்கிலத்தில் அந்த முதல் பெயரின் எழுத்து Subbiah. ஆனால் Subbaiah என்று கூடுதல் எழுத்தோடு தீசிஸ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மூலத்தைத் திறந்து பார்க்காமல் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்ததன் தடயம் அது.

மூலக் கட்டுரை கிடைக்கவே இல்லையென்றால் மறைக்க வேண்டாம். 'இ (1998) கண்டதாக அ (2016) எடுத்துக்காட்டுகிறார்' என்று எழுதி, நீங்கள் கையில் வைத்துப் படித்த அ-வைப் பட்டியலில் சேருங்கள். பட்டியலில் இரண்டையும் சேர்க்க வேண்டுமா என்பது உங்கள் பல்கலைக்கழக வழிகாட்டியைப் பொறுத்தது. ஆனால் தீசிஸ் முழுக்க இப்படியே இருந்தால் தேர்வாளர் கேட்பார். முக்கியமான நாலைந்து மூலங்களையாவது தேடிப் படியுங்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அந்த நிலையத்தின் பழைய ஆய்வு எதையாவது சீனியர் சான்று காட்டியிருந்தால் நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

முறைகள் அத்தியாயத்தை இன்னும் நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். அங்கே சதவீதம் இதைவிடக் கூடும், பதற வேண்டாம். கரிமக் கார்பன் கணக்கிடும் முறையை எத்தனை விதமாகத்தான் எழுதுவது? அதை மாற்றி எழுதுகிறேன் என்று நீட்டி முழக்குவதை விட, முறையின் பெயரைச் சொல்லிச் சான்று காட்டி, நீங்கள் செய்ததை மட்டும் எழுதுவது நேர்மையானது, சுருக்கமானதும்கூட. வாக்லி, பிளாக் இருவரின் 1934ஆம் ஆண்டு முறையில் ஒரு நார்மல் பொட்டாசியம் டைக்ரோமேட் 10 மி.லி., அடர் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்து, அரை மணி நேரம் வைத்து, மிச்சமுள்ள டைக்ரோமேட்டை டைட்ரேட் செய்வார்கள். இதை எல்லாரும் அறிவார்கள், ஒரு வரி போதும். நீங்கள் எழுத வேண்டியது வேறு: எத்தனை கிராம் மண் எடுத்தீர்கள், எந்தச் சல்லடையில் சலித்தீர்கள், எந்தத் திருத்தக் காரணியைப் பயன்படுத்தினீர்கள்? இந்த முறையில் கார்பன் முழுவதும் ஆக்சிஜனேற்றம் ஆவதில்லை, முக்கால் பங்கும் கொஞ்சமும்தான். அதனால் சுமார் 1.3 ஆல் பெருக்குவார்கள். பெருக்கினீர்களா இல்லையா என்பது எழுதப்படாத தீசிஸின் எண்களை இன்னொரு தீசிஸோடு ஒப்பிடவே முடியாது.

உங்கள் ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்யாமல் பச்சை நிறத்தைக் கலரிமீட்டரில் அளந்திருந்தால், வெறும் 'வாக்லி, பிளாக் (1934)' என்று போடுவது தவறான சான்று. செய்ததை உள்ளபடி எழுதி, நீங்கள் பின்பற்றிய ஆய்வகக் கையேட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். சான்று காட்டாமல் விடுவது மட்டும்தான் குற்றம் என்று நினைக்கிறோம். பொருந்தாத சான்றைக் காட்டுவதும் அதே அளவு ஏமாற்றுதான்.

இப்போது அந்த 31க்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்லலாம். 60க்கு மேல் போனால் பதிவே ரத்தாகும். மேற்கோளாக முறையாகக் காட்டிய பகுதி, சான்றுப் பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, துறையின் பொதுச் சொற்கள், நிலையான சமன்பாடுகள் ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரையும் அப்படியே. உங்கள் பல்கலைக்கழகம் தனக்கென வேறு வரம்பு வைத்திருந்தால் அதுதான் உங்களுக்குச் செல்லும், துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் 31 ஒரே ஓர் அத்தியாயத்துக்கான எண். சான்றுப் பட்டியலையும் சேர்த்துப் போட்டிருந்தால் அதுவே அதில் ஒரு நல்ல பங்கு. முதலில் அதை நீக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

எண்ணைக் குறைப்பதை இலக்காக வைக்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். 18 சதவீதம் வந்தும் குற்றமே இல்லாத அத்தியாயம் உண்டு, எல்லாம் முறைகளின் பெயரும் நிலையான சொற்றொடருமாக இருக்கும். 6 சதவீதமே வந்து, அந்த ஆறும் ஒரே கட்டுரையின் ஒரு முழுப் பத்தியாக இருந்தால் அது திருட்டுதான். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் தமிழில் தந்த துண்டுப் பிரசுரத்திலிருந்து நாலு வரியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டால் சாஃப்ட்வேருக்குத் தெரியாது, சதவீதம் பூஜ்யமாகவே இருக்கும். ஆனாலும் அந்த நாலு வரி அவர்களுடையது, சான்று காட்டியே ஆக வேண்டும்.

ஆகவே ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்து, வண்ணம் பூசிய இடங்களில் எது நீளமோ அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு மூன்று சொல் ஒத்துப்போகும் சில்லறை இடங்களைத் தொடவே வேண்டாம். நீளமான ஒவ்வொரு துண்டுக்கும் மூலக் கட்டுரையை எடுத்து, அட்டவணையைப் பார்த்து, நோட்டில் குறித்து, மூடிவைத்து எழுதுங்கள். மூலம் கையில் இல்லாத பத்தி எதுவோ அதற்குத் தனியாக ஒரு குறி போடுங்கள். அதைத் தேடிப் படிப்பதா, 'எடுத்துக்காட்டியபடி' என்று எழுதுவதா, எடுத்துவிடுவதா என்று கைடோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எடுத்துவிட்டால் பத்தி மெலிந்துபோகும் என்று பயப்பட வேண்டாம். வைவாவில் தேர்வாளர் ஒரு பெயரைச் சுட்டி "இந்தக் கட்டுரையில் எத்தனை ட்ரீட்மென்ட்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்த கட்டுரைகள் மட்டும் ரிவ்யூவில் இருந்தால் போதும்.